ஹாஸ்டல் கட்டலாமா? ஒரு நீட் பயிற்சி மையத்தின் அடுத்த பத்து வருடமும் நாலு கட்டமும்

ஈரோட்டுப் பக்கம் நீட் பயிற்சி மையம் நடத்தும் நண்பர் ஒருவர், மூன்று கோடி ரூபாய் கடன் வாங்கிச் சொந்தமாக ஹாஸ்டல் கட்டும் முடிவோடு என்னிடம் வந்தார். வங்கியில் பேசியாயிற்று, நிலமும் பார்த்தாயிற்று. "பத்து வருசத்துல கடன் முடிஞ்சிருங்க, அப்புறம் கட்டடம் நம்முளுது" என்றார். பத்து வருடமும், ஒரு வருடம் உட்கார்ந்து நீட்டை மறுபடி எழுதும் ரிப்பீட்டர் பிள்ளைகள் இதே மாதிரி வந்துகொண்டிருப்பார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப வர்றாங்கள்ல" என்றார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு என்றே ஒரு முறை இருக்கிறது. சினாரியோ பிளானிங் என்பார்கள். எது நடக்கும் என்று ஆரூடம் சொல்வதற்குப் பதில், நடக்கக்கூடிய நாலு எதிர்காலங்களை எழுதி, எடுக்கப்போகும் முடிவை நாலிலும் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. வியாபார உலகில் இதற்குப் பேர் வாங்கிக்கொடுத்தவர்கள் ஷெல் எண்ணெய் கம்பெனியில் பியர் வாக் என்பவரும் அவர் கூட்டாளிகளும். கச்சா எண்ணெய் மலிவாகவே கிடைக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்த 1970களின் தொடக்கத்தில், 'உற்பத்தி செய்யும் நாடுகள் குழாயை மூடினால்?' என்று தங்கள் மேலாளர்களை யோசிக்கவைத்தார்கள். 1973இல் அதுவே நடந்தது. எப்படியும் போகக்கூடிய இரண்டு விஷயங்களை இரண்டு கோடாகப் போட்டு நாலு கட்டம் வரைவது இந்த முறையிலேயே எளிமையான வடிவம். ஒன்றரை நாளும், ஆறேழு பேரும், சார்ட் பேப்பரும் போதும்.

முதலில் கேள்வி

'நம் மையத்தின் எதிர்காலம் என்ன?' என்று ஆரம்பித்தால் ஒன்றரை நாளும் பேச்சிலேயே போய்விடும். முடிவு ஒன்று கையில் இருக்க வேண்டும், அதற்குத் தொகையும் தேதியும் இருக்க வேண்டும். நண்பருடைய கேள்வி இப்படி வந்தது: 'மூன்று கோடி கடனில் ஹாஸ்டல் கட்டலாமா, வேண்டாமா? ஜூனுக்குள் சொல்லியாக வேண்டும்.'

கேள்வியை எழுதியதும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்றைய நிலவரத்தை ஒரு பக்கத்தில் எழுதவைத்தோம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ரிப்பீட்டர்கள் 210 பேர், ஆளுக்கு வருடக் கட்டணம் 1.6 லட்சம். வார இறுதி வகுப்புக்கு வரும் பிளஸ் டூ பிள்ளைகள் 170 பேர், ஆளுக்கு 40 ஆயிரம். ஆக 3.36 கோடியும் 68 லட்சமும். வருமானத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ரிப்பீட்டர்கள் கொண்டுவருவது. எல்லாச் செலவும் போக வருடத்துக்கு 55 லட்சம் மிஞ்சுகிறது. இப்போதைய ஹாஸ்டல் வாடகை 18 லட்சம்.

பத்து வருடத்தில், பத்தரை சதவீத வட்டியில் மூன்று கோடிக்கு மாதத் தவணை சுமார் 4.05 லட்சம், வருடத்துக்கு 48.6 லட்சம். வாடகை மிச்சமாவதைச் சேர்த்தால் 55உம் 18உம் 73. தவணை போக 24.4 லட்சம் கையில் நிற்கும். ஒரு ரிப்பீட்டர் பிள்ளைக்குச் சாப்பாடு, கரண்ட், புத்தகம் என்று 60 ஆயிரம் போக ஒரு லட்சம் மையத்துக்கு நிற்கிறது. ஆசிரியர் சம்பளமோ பிள்ளை குறைந்தாலும் குறையாது. அப்படியானால் 210இல் 25 பேர் குறைந்தாலே தவணைக்குக் கைக்காசு போட வேண்டும். நண்பர் கால்குலேட்டரை வாங்கி இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

தெரிந்ததையும் தெரியாததையும் பிரிப்பது

பத்து வருடத்தில் மையத்தைப் பாதிக்கக்கூடியது எல்லாவற்றையும் துண்டுச்சீட்டுக்கு ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் மட்டும் உட்கார்ந்தால் பாடத்திட்டத்தைப் பற்றியே எழுதுவார்கள். அதனால் வார்டன், வரவேற்பில் இருக்கும் பெண், கணக்குப்பிள்ளை, பக்கத்து அரசுப் பள்ளியின் பிளஸ் டூ ஆசிரியர் ஒருவர், ஒரு பெற்றோர் என்று கலந்து உட்காரவைத்தோம். நாற்பது சீட்டுக்கு மேல் சேர்ந்தது.

சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே முடிவாகிவிட்டவை ஒரு பக்கம், எப்படியும் போகலாம் என்பவை ஒரு பக்கம். 'பிள்ளைகள் எண்ணிக்கை குறையுமா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் நிச்சயமின்மையே கிடையாது. 2035-36இல் பிளஸ் டூ படிக்கப்போகிற பிள்ளை 2025-26இல் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை எண்ணிக்கை பல வருடமாகவே இரண்டுக்குக் கீழே இருக்கிறது. இதுபோன்றவை நாலு கட்டத்துக்கும் பொதுவான தரை. அவற்றைக் கோடாக வரைந்தால் நாலில் இரண்டு கட்டம் நடக்க முடியாத கட்டமாகப் போய்விடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நிச்சயம் என்று நினைத்து ஒதுக்கிய சீட்டு ஒன்றில் 'நீட் இருக்கும்' என்று எழுதியிருந்தது. அதைத் தெரியாத குவியலுக்கு மாற்றச் சொன்னேன். நண்பருக்குப் பிடிக்கவில்லை.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கும் இன்ஜினீயரிங்குக்கும் மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. 2006ஆம் வருடச் சட்டத்தால் அது போய், 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்று ஆனது. நுழைவுத்தேர்வுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவந்தவர்களுக்குப் பிழைப்பே மாறிப்போனது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. சரியாகப் பத்து வருடம் கழித்து, 2017இல், தமிழ்நாட்டுக்கும் நீட் வந்தது, ஆட்டம் தலைகீழானது. 2021இல் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னது 2025 ஏப்ரலில். இன்றைக்கு நீட் உறுதியாகத் தெரிகிறது, சரிதான். ஆனால் 2006இல் நுழைவுத்தேர்வும் 2016இல் பிளஸ் டூ மதிப்பெண்ணும் அவரவருக்கு அப்படித்தான் தெரிந்தன.

இரண்டு கோடு எவை

இந்த முறையில் கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் இதுதான், அதனால் இங்கே நேரம் செலவு செய்யுங்கள். எங்களுக்கு அரை நாள் பிடித்தது.

நண்பர் முதலில் வரைந்த கோடுகள்: 'நீட் இருக்குமா?', 'நம்ம ரிசல்ட் நல்லா வருமா?' இரண்டாவது அவர் கையில் இருக்கிற விஷயம். நல்ல ஆசிரியரைப் போட்டால் ரிசல்ட் வரும். நம் கையில் இருப்பதைக் கோடாக்கினால் ஒரு பக்கம் சொர்க்கம், மறுபக்கம் நரகம் என்று வரும், எல்லோரும் சொர்க்கத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்து கணக்குப்பிள்ளை சொன்னது: 'விவசாய வருமானம் கூடுமா குறையுமா', 'பெற்றோரால் கட்டணம் கட்ட முடியுமா முடியாதா'. இரண்டும் வெளியில் இருப்பவை, நிச்சயமில்லாதவை. ஆனால் ஒன்று ஆடினால் மற்றதும் ஆடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, நாலு மூலைக்கும் ஒரு வரிக் கதை சொல்லிப் பார்ப்பது. மஞ்சளும் கரும்பும் நல்ல விலைக்குப் போய் வருமானம் கூடியிருக்கிறது, ஆனால் கட்டணம் கட்ட முடியவில்லை என்ற மூலைக்குக் கதை வராமல் திணறினோம். ஒரு மூலைக்குக் கதை வரவில்லை என்றால் கோடுகள் இரண்டல்ல, ஒன்றேதான்.

மூன்றாவதாக எல்லோரும் ஒத்துக்கொண்டது: 'நீட்டா, பிளஸ் டூ மதிப்பெண்ணா?', 'ஆன்லைனா, நேரடி வகுப்பா?' இது போதும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாவது கோட்டை உடைத்தவர் வார்டன். பிள்ளையைச் சேர்க்கவந்த ஒரு அப்பா அவரிடம் சொன்னாராம்: "பாடமெல்லாம் யூட்யூப்லயே நல்லா எடுக்கறாங்க சார். நீங்க செல்லை வாங்கி வெச்சுக்கறீங்கல்ல, அதுக்குத்தான் பணம் கட்டறேன்."

யோசித்துப் பார்த்தால் அது உண்மை. 2020 மார்ச்சில் ஹால்கள் மூடியபோது இனி எல்லாம் ஆன்லைன்தான் என்றார்கள். ஆனால் யூட்யூபில் தொடங்கி வளர்ந்த பயிற்சி நிறுவனமான பிசிக்ஸ் வாலாவே 2022இல் ராஜஸ்தானின் கோட்டா நகரத்தில் நேரடி மையம் திறந்தது. பாடம் போனுக்குப் போய்விட்டது, மேற்பார்வை போகவில்லை. ஆகவே கேட்க வேண்டியது பாடம் எங்கே நடக்கும் என்பதல்ல. பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பி, இன்னொருவர் கண்காணிப்பில் படிக்கவைக்கப் பெற்றோர் பணம் கொடுப்பார்களா என்பதுதான். பத்து வருடத்தில் இது எப்படியும் போகலாம். ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள் பெருகினால் அனுப்ப மனம் வராமல் போகலாம், அல்லது அந்த ஒரு பிள்ளைக்காக எவ்வளவும் செலவழிக்கலாம்.

முதல் கோட்டின் முனைகளையும் கொஞ்சம் அகலப்படுத்தினோம். 'நீட் ரத்து' என்று எழுதினால் அது ஒரே ஒரு சம்பவம். 'பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பெரும் பங்கு' என்று எழுதினால் மாநில விலக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, மத்திய அரசே இரண்டையும் கலப்பது என்று பல வழியில் அங்கே போய்ச் சேரலாம். முனை என்பது பல பாதைகள் சேரும் ஊராக இருந்தால்தான் கட்டம் பத்து வருடம் தாங்கும்.

நாலு கட்டத்துக்கும் பேரும் கதையும்

| | நீட்தான் முடிவு செய்கிறது | பிளஸ் டூவுக்குப் பெரும் பங்கு |
|---|---|---|
| வெளியே அனுப்பிப் படிக்கவைக்கிறார்கள் | அஞ்சு மணி பெல் | மறுபடி நாமக்கல் |
| வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள் | மொட்டை மாடி | தெருமுனை டியூஷன் |

பேர் முக்கியம். 'கட்டம் இரண்டு' என்று சொன்னால் ஆறு மாதத்தில் மறந்துவிடும், 'மொட்டை மாடி' மறக்காது. ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் கதை, 2036ஆம் வருடத்தில் ஒரு சாதாரண நாளை வைத்து எழுதுங்கள். பிள்ளை எங்கே இருக்கிறது, யார் யாருக்குப் பணம் கட்டுகிறார்கள், நம் கட்டடத்தில் அன்றைக்கு என்ன நடக்கிறது என்ற மூன்றும் அதில் வந்துவிட வேண்டும்.

'அஞ்சு மணி பெல்' இன்றைய நிலைமையின் நீட்சி. அதனாலேயே எழுதும்போது தூக்கம் வரும், யாரும் இடைஞ்சலைத் தேட மாட்டார்கள். நாங்கள் வலுக்கட்டாயமாகத் தேடினோம். ரிப்பீட்டர் சந்தை இவ்வளவு நன்றாக இருந்தால் அகில இந்திய நிறுவனங்கள் ஈரோட்டுக்கு வராமல் இருக்குமா? வந்தால் முதல் இரண்டு வருடம் கட்டணத்தைக் குறைத்துத்தான் ஆள் பிடிக்கும்.

'மொட்டை மாடி'யில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து டில்லியிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ வரும் பாடத்தைக் கேட்கிறது. உள்ளூரில் அதற்குத் தேவைப்படுவது வாராந்தரத் தேர்வும், சந்தேகம் கேட்க ஒரு ஆளும், சாயங்காலம் சத்தமில்லாமல் உட்கார ஓர் இடமும். அதற்கு மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் கொடுப்பார்கள், 1.6 லட்சம் கொடுக்க மாட்டார்கள்.

'மறுபடி நாமக்கல்'தான் நண்பரை உலுக்கியது. பெற்றோர் வெளியே அனுப்புகிறார்கள், ஹாஸ்டலுக்குக் கிராக்கி இருக்கிறது. ஆனால் அது பள்ளிக்கூட ஹாஸ்டல். பிளஸ் டூ மதிப்பெண் தீர்மானிக்கும் உலகத்தில் பிள்ளை பள்ளிக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு வருடம் உட்கார்ந்து மறுபடி எழுதி மதிப்பெண்ணை ஏற்ற வழி இல்லையென்றால் ரிப்பீட்டர் என்ற ஜாதியே இருக்காது. 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு 2025-26இல் எடுத்துவிட்டது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டி இரண்டு வருடமும் பிளஸ் டூவையே நடத்தும் பழைய வழக்கம் இந்தக் கட்டத்தில் திரும்பி வரும் என்று அரசுப் பள்ளி ஆசிரியர் சொன்னார். இதுவரை 'நீட் இருக்குமா' என்பது நண்பருக்கு அரசியல் செய்தி. ரிப்பீட்டர் இருப்பாரா என்று மாற்றிக் கேட்டதும் அது சொந்த விஷயம் ஆகிவிட்டது.

'தெருமுனை டியூஷன்' பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, மாநிலப் பாடத்திட்டம், இயற்பியலும் வேதியியலும் உயிரியலும், சின்ன வாடகை அறை. லாபம் குறைவு, ஆனால் சாகாது.

இந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார்: "இதுல எது நடக்கும்?" பதில் சொல்லாதீர்கள். சதவீதம் போட ஆரம்பித்தால் பெரிய சதவீதம் உள்ள கட்டத்துக்கு மட்டும் எல்லோரும் திட்டம் போடுவார்கள், மற்ற மூன்றையும் எழுதியது வீண். இன்னொன்று, அடுத்த வருடம் என்றால் 'அஞ்சு மணி பெல்'தான் என்று நானும் சொல்வேன். ஆனால் கடன் பத்து வருடத்துக்கு.

முடிவை நாலிலும் ஓட்டிப் பார்ப்பது

மூன்று கோடியை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்தோம். 'மொட்டை மாடி'யில் ஹாஸ்டல் பிள்ளைகள் 210 பேர் 80 ஆவார்கள் என்று கொண்டால் வருடத்துக்கு 1.3 கோடி போய்விடும். அதற்கு மேல் தவணையைப் பேச வேண்டியதில்லை. 'தெருமுனை'யிலும் அதே கதை. 'மறுபடி நாமக்கல்'லில் பள்ளி ஏதாவது கட்டடத்தை வாடகைக்கு எடுத்தால் உண்டு.

எதிர்பாராதது 'அஞ்சு மணி பெல்'லில் வந்தது. 210 பேரும் அப்படியே வருகிறார்கள், ஆனால் பெரிய நிறுவனத்தோடு போட்டி போட்டுக் கட்டணத்தை வெறும் பத்து சதவீதம் குறைக்க வேண்டியிருக்கிறது என்று கொண்டோம். 210 பேருக்கும் ஆளுக்கு 16 ஆயிரம் குறைந்தால் 33.6 லட்சம். மிஞ்சுவதாகச் சொன்ன 24.4 லட்சத்தைவிட அது அதிகம். ஆக, தமக்குப் பிடித்த கட்டத்திலேயே நண்பருக்குக் கடன் இடிக்கிறது.

இது தெரிந்த பிறகு பேச்சு கட்டலாமா வேண்டாமா என்பதிலிருந்து, எப்படிச் செய்தால் அதிக கட்டங்களில் நிற்கும் என்பதற்கு நகர்ந்தது. நல்ல உட்காரல் என்றால் இந்த நகர்வு நடக்கும். நடக்கவில்லை என்றால் நாலு கதையும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் போய்க் கோடுகளைப் பாருங்கள்.

வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு நல்ல விஷயத்தைக் கேட்டார்: "சார், எடம் எங்க பார்த்திருக்கீங்க?" மெயின் ரோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, விலை மலிவு என்று பார்த்த நிலம். பிள்ளைகள் வராவிட்டால் அங்கே வேறு யாரும் தங்க வர மாட்டார்கள். அதே கட்டடம் பெருந்துறை சிப்காட் பக்கம் இருந்தால் தொழிலாளர் விடுதியாக வாடகைக்குப் போகும், நாலு கட்டத்திலும் ஏதோ ஒரு வருமானம் நிற்கும். நிலம் விலை கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலைக்கு எதை வாங்குகிறோம் என்பது இப்போது தெரிந்தது.

கடைசியில் நண்பர் செய்தது இது. ஹாஸ்டல் கட்டவில்லை. இன்னும் இரண்டு மாடியை ஐந்து வருட வாடகைக்கு எடுத்தார், இரண்டாம் வருடத்துக்குப் பிறகு மூன்று மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்ற ஷரத்தோடு. அந்த ஒரு ஷரத்துக்காக மாத வாடகை கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். ஊருக்குள் 22 லட்சத்தில் 120 பேர் உட்காரும் படிப்பு ஹாலும் வாரத் தேர்வும் தொடங்கினார், இரவு பத்து வரை திறந்திருக்கும், நுழையும்போது செல்லைக் கொடுத்துவிட வேண்டும். இது மூன்று கட்டத்தில் ஓடும், 'மறுபடி நாமக்கல்'லில் திணறும். அந்தக் கட்டத்துக்குக் காப்பாக மாநிலப் பாடத்திட்டத்துக்கு 60 பேருக்கு மட்டும் சாயங்கால வகுப்பு. அதில் பெரிதாக லாபமில்லை, அந்தப் பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் கையில் இருக்கிறார்கள் என்பதுதான் வருமானம்.

எதைப் பார்த்துக்கொண்டிருப்பது

கட்டம் போட்ட சார்ட் பேப்பர் இரண்டு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். போகாமல் இருக்க, எந்தக் கட்டத்தை நோக்கி நகர்கிறோம் என்று காட்டும் அடையாளங்கள் இரண்டோ மூன்றோ வேண்டும். செய்தித்தாள் அடையாளங்களைவிட மையத்துக்குள்ளேயே எண்ணக்கூடியவை மேல், சீக்கிரம் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்ததில் சிறந்தது வரவேற்பு மேசையில் கிடக்கும் விசாரிப்பு நோட்டு. நீட் ரிசல்ட் வந்த இரண்டு வாரத்தில் விசாரிக்க வருபவர்களில் முதல் நூறு பேரில் எத்தனை பேர் 'ஹாஸ்டல் இருக்குதுங்களா?' என்று கேட்கிறார்கள் என்று டிக் அடித்தால் போதும். போன வருட நோட்டைப் புரட்டி எண்ணியதில் 58. தொடர்ந்து இரண்டு வருடம் 40க்குக் கீழே போனால் வாடகை மாடியைக் காலி செய்வது என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவைத்தோம். அப்போது போய் யோசித்தால் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றுதான் தோன்றும்.

மற்ற கோட்டுக்கு இவ்வளவு நல்ல அடையாளம் கிடைக்கவில்லை. சேர்க்கை விதி ஒரே நாளில் மாறும், படிப்படியாகத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் வரும் நீட் அறிவிப்பில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு ஏதாவது இடம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும், சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடப்பதைக் கவனிப்பதும்தான் முடியும். இப்படி முன்கூட்டித் தெரியாத கோட்டுக்குத்தான் காப்பு வகுப்பு, முன்கூட்டித் தெரிகிற கோட்டுக்குக் காலி செய்யும் ஷரத்து.

வருடத்துக்கு ஒரு தடவை, ஜூலை முதல் சனிக்கிழமை, அதே ஆட்கள் இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள். சார்ட் பேப்பர் கணக்கு அறையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இந்த வருடம் நோட்டில் 51 டிக்.